தோத்தா டபுள், ஜெயிச்சா டபுள்: எந்த ‘பிளான்’ போட்டாலும் நஷ்டம் மாறாதது ஏன்? முழு விளக்கம்

“லெவல் 1க்கு 10 ரூபாய், லெவல் 2க்கு 20, லெவல் 3க்கு 40... ஆறு லெவலுக்குள்ள கண்டிப்பா ஒரு தடவை அடிக்கும், போட்டது மொத்தமும் லாபத்தோட திரும்பும்.”

கலர் பிரெடிக்‌ஷன் ஆப்களுக்கு ஆள் பிடிக்கும் டெலிகிராம் குரூப்களில் இந்த மாதிரி வாக்குறுதிகள் சகஜம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃபண்ட் மேனேஜ்மெண்ட்’. கேட்க வங்கி சமாச்சாரம் போல இருந்தாலும், இது ஐரோப்பிய சூதாட்ட மேஜைகளில் 18ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய ‘மார்ட்டிங்கேல்’ என்ற பழைய முறைதான். தோற்றால் பந்தயத்தை ஏற்றுவது ஒரு வகை, ஜெயித்தால் ஏற்றுவது இன்னொரு வகை. இரண்டில் எது லாபம்? கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

இந்த ஆப்களில் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, சிலவற்றில் அதைவிட வேகமாக, 0 முதல் 9 வரை ஓர் எண் விழும். 0 முதல் 4 வரை வந்தால் ‘ஸ்மால்’, 5 முதல் 9 வரை வந்தால் ‘பிக்’. எது வரும் என்று பணம் கட்ட வேண்டும்.

பார்த்தால் சரிபாதி வாய்ப்பு, காசு சுண்டுவது போலத்தான் தெரியும். வித்தியாசம் பணம் தரும் இடத்தில் இருக்கிறது. பந்தயத்தில் 2 சதவீதத்தை ‘சர்வீஸ் ஃபீ’ என்று பிடித்துக்கொள்வது இந்த ஆட்டங்களில் வழக்கமான முறை. 10 ரூபாய் கட்டினால் 9.80 ரூபாய்தான் ஆட்டத்துக்குப் போகும். ஜெயித்தால் 19.60 ரூபாய் கைக்கு வரும், அதாவது லாபம் 9.60. தோற்றால் போவது முழு 10 ரூபாய்.

ஆகவே, இரண்டு தடவை 10 ரூபாய் கட்டி ஒன்றில் ஜெயித்து ஒன்றில் தோற்றால், போட்டது 20 ரூபாய், வந்தது 19.60. நஷ்டம் 40 பைசா, அதாவது 2 சதவீதம். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சராசரியாக 2 பைசா போகும். கணிதத்தில் இதைத்தான் ‘எதிர்பார்க்கப்படும் நஷ்டம்’ என்கிறார்கள்.

தோத்தா டபுள்: 64 சுற்றின் கணக்கு

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒரு தம்பி இந்த பிளானை நம்பி இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். (கற்பனை உதாரணம்தான்.) அவர் கட்டும் வரிசை 10, 20, 40, 80, 160, 320. எந்த லெவலில் ஜெயித்தாலும் சுற்று முடிந்தது, மறுபடியும் 10 ரூபாயில் ஆரம்பிப்பார். ஆறு லெவலும் தோற்றால் மொத்தம் 630 ரூபாய் காலி.

இப்படி 64 சுற்று ஆடினால் சராசரியாக என்ன நடக்கும்?

- 32 சுற்று முதல் லெவலிலேயே ஜெயிக்கும். தலா 9.60 லாபம்.
- 16 சுற்று இரண்டாம் லெவலில். தலா 9.20 லாபம்.
- 8 சுற்று மூன்றாம் லெவலில். தலா 8.40 லாபம்.
- 4 சுற்று நான்காம் லெவலில். தலா 6.80 லாபம்.
- 2 சுற்று ஐந்தாம் லெவலில். தலா 3.60 லாபம்.
- 1 சுற்று ஆறாம் லெவலில். ஜெயித்தும் 2.80 நஷ்டம்.
- 1 சுற்று ஆறு லெவலும் தோற்கும். 630 நஷ்டம்.

லாபம் வந்த 62 சுற்றையும் கூட்டினால் 556 ரூபாய். நஷ்டம் வந்த இரண்டே சுற்றில் போனது 632.80. கடைசியில் கையைக் கடிப்பது 76.80 ரூபாய்.

இப்போது இன்னொரு கணக்கு. இந்த 64 சுற்றிலும் அவர் கட்டிய பந்தயத் தொகை எல்லாவற்றையும் கூட்டினால் 3,840 ரூபாய் வரும். அதில் 2 சதவீதம் எவ்வளவு? அதே 76.80தான்.

டபுளே பண்ணாமல், ஒவ்வொரு தடவையும் 10 ரூபாய் மட்டும் 384 தடவை கட்டியிருந்தாலும் பந்தயம் அதே 3,840 ரூபாய், சராசரி நஷ்டம் அதே 76.80 ரூபாய். இவ்வளவு பெரிய பிளானும் அந்த நஷ்டத்தில் ஒரு பைசாவைக்கூட குறைக்கவில்லை.

ஆறாம் லெவலில் ஜெயித்தும் ஏன் நஷ்டம்?

அதுவரை ஐந்து லெவலில் தோற்றது 310 ரூபாய். ஆறாம் லெவலில் 320 ரூபாய் கட்டி ஜெயித்தால் கிடைக்கும் லாபம் 307.20. அந்த 2 சதவீத ஃபீ காரணமாக பழைய நஷ்டமே முழுசாக அடைபடவில்லை.

“கையில நிறைய பணம் இருந்தா டபுள் பண்ணிக்கிட்டே போகலாமே” என்பவர்களுக்கும் இதுதான் பதில். 14 தடவை தோற்று, 15வது லெவலில் 1,63,840 ரூபாய் கட்டி ஜெயித்தாலும், அந்தச் சுற்றின் முடிவில் 6,543.60 ரூபாய் நஷ்டத்தில்தான் இருப்பீர்கள்.

‘டபுள் பத்தாது, மூணு மடங்கு ஏத்து’ என்ற பிளான் சுற்றுவது இதனால்தான். 10, 30, 90 என்று போனால் ஆறாம் லெவலில் கட்ட வேண்டியது 2,430 ரூபாய். ஆறும் தோற்றால் போவது 3,640 ரூபாய். எந்த லெவலில் ஜெயித்தாலும் லாபம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் 64 சுற்றுக்கு சராசரியாகக் கட்டும் பந்தயம் 13,300 ரூபாயாக ஏறிவிடும். அதில் 2 சதவீதம் 266 ரூபாய். பந்தயம் கூடியது, நஷ்டமும் அதே விகிதத்தில் கூடியது.

ஜெயிச்சா டபுள்: இது தேவலையா?

இதற்கு ‘பரோலி’ என்று பெயர். 10 ரூபாய் கட்டி ஜெயித்தால் 20, அதிலும் ஜெயித்தால் 40, மூன்றாவதும் ஜெயித்தால் எடுத்துக்கொண்டு மறுபடி 10க்கு வருவது. நடுவில் எங்கே தோற்றாலும் திரும்பவும் 10தான். ‘அவன் காசை வச்சே ஆடுறோம்’ என்று இதைச் சொல்வார்கள்.

8 சுற்று ஆடினால் சராசரியாக 4 சுற்றில் முதலிலேயே தோற்று தலா 10 ரூபாய் போகும். 2 சுற்றில் ஒன்று ஜெயித்து அடுத்ததில் தோற்று தலா 10.40 போகும். 1 சுற்றில் இரண்டு ஜெயித்து மூன்றாவதில் தோற்று 11.20 போகும். மீதி 1 சுற்றில் மூன்றும் ஜெயித்து 67.20 லாபம் வரும்.

கூட்டிக் கழித்தால் 4.80 ரூபாய் நஷ்டம். கட்டிய மொத்தப் பந்தயம் 240 ரூபாய், அதில் 2 சதவீதம் 4.80. இங்கேயும் ஒரு பைசா மாறவில்லை.

அப்படியென்றால் இரண்டு முறைக்கும் என்னதான் வித்தியாசம்? நஷ்டம் வந்து சேரும் விதம்தான். ‘தோத்தா டபுள்’ ஆளுக்குப் பல நாள் சின்னச் சின்ன லாபம் வரும், ஒரே நாளில் மொத்தமாகப் போகும். ‘ஜெயிச்சா டபுள்’ ஆளுக்குத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எப்போதாவது ஒரு பெரிய தொகை வரும்.

இதில் முதல் வகைதான் ஆளை அதிகம் ஏமாற்றும். 64ல் 62 சுற்று லாபம் என்றால், ஆடுகிறவருக்கு ‘பிளான் வேலை செய்யுது’ என்றுதான் தோன்றும், நண்பர்களிடமும் சொல்வார். ஆனால் தினம் 5 சுற்று என்று ஒரு மாதம் ஆடினால் 150 சுற்று. அதற்குள் ஒரு தடவையாவது ஆறு லெவலும் தோற்கும் வாய்ப்பு 90 சதவீதம்.

“இத்தனை தடவை ஸ்மால் வந்துருச்சு, அடுத்தது பிக் தானே?”

இல்லை. விழப்போகும் எண்ணுக்கு இதற்கு முன் என்ன விழுந்தது என்று தெரியாது. ஐந்து தடவை தோற்ற பிறகும் ஆறாவதில் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான்.

1913 ஆகஸ்ட் 18 அன்று மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலெட் மேஜையில் தொடர்ச்சியாக 26 தடவை கறுப்பு விழுந்தது. ‘இனி சிவப்புதான்’ என்று பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

தோற்றால் ஒரு படி ஏற்று, ஜெயித்தால் ஒரு படி இறக்கு என்ற மிதமான முறைக்கு பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேரின் பெயரே இருக்கிறது. ஒரு பக்கம் அதிகம் விழுந்தால் மறுபக்கம் வந்து சமன் செய்யும் என்ற அதே நம்பிக்கைதான் இதற்கும் அடிப்படை. அவரே 1754ல், காசை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். சரியான விடை நான்கில் மூன்று. மேதைக்கே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறது.

முந்தைய முடிவு அடுத்ததைப் பாதிக்காது என்பதால், ஒவ்வொரு பந்தயமும் தனித்தனிக் கணக்கு. 10 ரூபாய் கட்டினால் சராசரியாக 20 பைசா, 320 ரூபாய் கட்டினால் 6.40 ரூபாய் போகும். எந்த வரிசையில் கட்டினாலும் நஷ்டங்களைக் கூட்டினால் நஷ்டம்தான் வரும். அவற்றைக் கூட்டி லாபமாக்கும் வரிசை எதுவும் கிடையாது.

இத்தனையும் எண்கள் நேர்மையாக விழுகின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. எண்ணைப் போடுவதே ஆப்பை நடத்துகிறவர்தான் என்பதையும், ஜெயித்த பணத்தை எடுக்க விடாமல் முடக்கலாம் என்பதையும் இதில் சேர்க்கவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின்படி, ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கருக்கு இது பொருந்தாது என்று சொன்னாலும், அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய ஆட்டங்களுக்கான தடையை உறுதி செய்தது. அடுத்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதற்கே தடை கொண்டுவந்தது.

உங்கள் கணக்கை நீங்களே பார்ப்பது எப்படி?

எத்தனை தடவை ஜெயித்தீர்கள் என்பதை எண்ண வேண்டாம். ஆப்பில் தெரியும் பேலன்ஸையும் நம்ப வேண்டாம். யுபிஐ ஹிஸ்டரியில் அந்த ஆப்புக்குப் போன பணத்தை ஒரு பக்கமும், வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்த பணத்தை இன்னொரு பக்கமும் கூட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான கணக்கு.

பணம் முடங்கியிருந்தாலோ மோசடி என்று தெரிந்தாலோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் சொல்லலாம். விட முடியவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது, மனசு சரியில்லை என்றால் 14416 (டெலி மானஸ்) அல்லது 104 எண்ணில் பேசலாம்.