டூவீலர் இன்சூரன்ஸ்: 690 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன், 1,210 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன்... எது உண்மையிலேயே மலிவு?

டூவீலர் இன்சூரன்ஸ் முடியப் போகுதுன்னு மெசேஜ் வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். இரண்டு நிறுவனங்களின் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, எது குறைவாகக் காட்டுகிறதோ அதற்குப் பணம் கட்டிவிடுவது. ஆனால், அந்த இரண்டு கொட்டேஷனும் ஒரே பொருளுக்கான விலையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 125 சிசி ஸ்கூட்டர், வாங்கி 3 ஆண்டுகள் முடிந்துவிட்டன. இதுவரை க்ளைம் எதுவும் இல்லை. முதல் கொட்டேஷன் 690 ரூபாய். இரண்டாவது 1,210 ரூபாய். வித்தியாசம் 520 ரூபாய். (இவை புரிதலுக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் வண்டிக்கு மாறும்.)

இந்த வித்தியாசம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸால் வந்திருக்க முடியாது. அதன் கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூனில் வந்த அறிவிப்புப்படி 75 முதல் 150 சிசி வரையிலான டூவீலருக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அதே தொகைதான். அதோடு, 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி கட்டாயம் என்பதால், நம்ம உதாரண ஸ்கூட்டருக்கு அது இன்னும் 2 ஆண்டு பாக்கி இருக்கிறது. எனவே தேவைப்படுவது வண்டி சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பாலிசி மட்டும்தான். கொட்டேஷனில் மறுபடியும் தேர்ட் பார்ட்டி சேர்ந்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்க.

அப்படியென்றால் 520 ரூபாய் எங்கே குறைந்தது?

ஐடிவி: வண்டி திருடு போனால் கிடைக்கும் தொகை

முதல் கொட்டேஷனில் ஐடிவி 46,000 ரூபாய். இரண்டாவதில் 54,000 ரூபாய். வண்டி திருடு போனாலோ, சரிசெய்யவே முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ நிறுவனம் தரும் உச்சபட்சத் தொகை இதுதான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதே மாடலின் இன்றைய விலையை எடுத்து, வண்டியின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். 3 ஆண்டு தாண்டி 4 ஆண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு 40 சதவீதம். மாடலின் விலை 90,000 என்றால் 36,000 போக 54,000. இரண்டாவது கொட்டேஷன் இந்தக் கணக்கைப் பின்பற்றியிருக்கிறது. ஆனால் ஆன்லைனில் இந்தத் தொகையை ஓரளவு ஏற்றவும் இறக்கவும் முடியும். இறக்கினால் பிரீமியமும் இறங்கும். முதல் கொட்டேஷன் குறைவாகத் தெரிய இது ஒரு காரணம். சில பத்து ரூபாய் மிச்சத்துக்காக, வண்டி திருடு போகும் நாளில் 8,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறோம்.

ஆனால் அடிக்கடி நடப்பது திருட்டு அல்ல

மழையில் வழுக்கி விழுவதும், பார்க்கிங்கில் யாராவது இடிப்பதும்தான் அதிகம். ஸ்கூட்டர் விழுந்தால் முதலில் உடைவது முன் ஏப்ரன், மட்கார்டு, பக்கவாட்டு பேனல் எல்லாம். பல ஸ்கூட்டர்களில் இவற்றில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்தான்.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு விலையில் பாதிதான் தருவார்கள். வண்டி புதுசா, பழசா என்பது கணக்கில்லை. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். நம்ம ஸ்கூட்டருக்கு 25 சதவீதம். இந்தக் கழிவு வேண்டாம் என்று கூடுதல் பணம் கட்டி எடுப்பதுதான் 'ஜீரோ டெப்'. இரண்டாவது கொட்டேஷனில் அது இருக்கிறது, முதலாவதில் இல்லை.

முதலாவதில் இன்னொன்றும் இருக்கிறது: 'வாலன்டரி டிடக்டிபிள்' 1,000 ரூபாய். அதாவது ஒவ்வொரு க்ளைமிலும் முதல் 1,000 ரூபாயை நானே போட்டுக்கொள்கிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்வது. எல்லா டூவீலருக்கும் பொதுவாக உள்ள 100 ரூபாய் கட்டாயக் கழிவுக்கு மேல் இது தனி. சில தளங்களில் 'டிஸ்கவுன்ட்' என்ற பெயரில் இருப்பதால் கவனிக்காமலே டிக் செய்துவிடுகிறோம்.

இப்போது ஒரு விபத்து நடந்ததாக வைத்துக்கொள்வோம். பில் 11,500 ரூபாய். பிளாஸ்டிக் 6,000, உலோகம் 4,000, லேபர் 1,500.

முதல் பாலிசியில் பிளாஸ்டிக்குக்கு 3,000, உலோகத்துக்கு 1,000 கழியும். மீதி 7,500-ல் 1,100 டிடக்டிபிள் போக நிறுவனம் தருவது 6,400. உங்கள் பையிலிருந்து 5,100 ரூபாய் போகும். இரண்டாவது பாலிசியில் நீங்கள் கொடுப்பது 100 ரூபாய். ஆயில், நட்டு, போல்ட்டு போன்ற சில்லறைப் பொருட்களுக்குக் கொஞ்சம் சேரலாம், அவ்வளவுதான்.

ஆக, ஒரே விபத்தில் வித்தியாசம் 5,000 ரூபாய். ஆண்டுக்கு 520 ரூபாய் மிச்சம் பிடித்து இதை ஈடுகட்ட ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

சின்ன பில் என்றால் இன்னும் மோசம். ஒரே ஒரு பேனல் உடைந்து 2,000 ரூபாய் ஆனால், முதல் பாலிசியில் பாதி கழிந்து 1,000, அதில் 1,100 டிடக்டிபிள். நிறுவனம் தருவது பூஜ்யம்!

அப்போ அதிக விலைதான் சரியா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. ஜீரோ டெப்பில் ஆண்டுக்கு இத்தனை க்ளைம்தான் என்ற வரம்பு இருக்கும், பொதுவாக இரண்டு. வண்டி பழசானால் தரவும் மாட்டார்கள். சரியான வழி, இரண்டு கொட்டேஷனையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது. முதல் நிறுவனத்தின் பக்கத்துக்கே திரும்பப் போய் ஐடிவியை 54,000 ஆக்குங்க, வாலன்டரி டிடக்டிபிளை எடுங்க, ஜீரோ டெப் சேருங்க. 690 ரூபாய் 1,160 ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், உண்மையான விலை வித்தியாசம் 520 இல்லை, 50 ரூபாய்தான்.

அப்படியே என்சிபி எவ்வளவு என்றும் பார்த்துடுங்க. தொடர்ந்து 3 ஆண்டு க்ளைம் இல்லையென்றால் 35 சதவீதம். ஒரு தளம் தானாகவே 45 சதவீதம் போட்டு விலையைக் குறைத்துக் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். க்ளைம் வரும்போது பழைய நிறுவனத்திடம் சரிபார்ப்பார்கள். தப்பு தெரிந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

50 ரூபாய் வித்தியாசம் என்று வந்த பிறகு, கேஷ்லெஸ் கராஜ் பட்டியலைப் பாருங்க. சென்னையில் ஐம்பது கராஜ் இருந்து, உங்க ஊரில் ஒன்றுகூட இல்லையென்றால், முழு பில்லையும் முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். வழக்கமாக சர்வீஸ் விடும் கடை எந்தப் பட்டியலில் இருக்கிறதோ, 50 ரூபாய் அதிகமானாலும் அந்த நிறுவனம் மேல்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெருவில் குடியிருந்தால் மட்டும் இன்னொரு கேள்வி. வெள்ளச் சேதம் ஓன் டேமேஜ் பாலிசியிலேயே வரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, அதனால் இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசியில் தர மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சூழ்ந்த வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரியான பகுதி என்றால், 'இன்ஜின் புரொடெக்ட்' எந்த நிறுவனத்தில் கிடைக்கிறது, எவ்வளவு கூடும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்க.