பூட்டிய கிரில், புரியாத மொழி: தொழிலாளர் தங்குமிடத்தில் முதல் இரவே சொல்ல வேண்டியவை

தாமான் வீடுகளிலும் கடைவீடுகளின் மேல்மாடிகளிலும் இன்று அந்நியத் தொழிலாளர்கள் பலர் தங்கியிருக்கின்றனர். வங்காளதேசத்தவர், நேப்பாளியர், மியன்மார் நாட்டவர், தமிழ்நாட்டவர் என நான்கு மொழி பேசுவோர் ஒரே கூரையின் கீழ் தூங்கும் வீடுகளும் உண்டு. அந்த வீட்டின் கிரில் கதவில் தொங்கும் பூட்டு திருடனைத் தடுக்கும். நள்ளிரவில் தீப்பிடித்தால் அதே பூட்டு உள்ளே இருப்பவர்களையும் தடுத்துவிடும். சாவி எங்கே இருக்கிறது என்பதை அவர்களுக்குப் புரியும் வகையில் யாராவது காட்டியிருக்கிறார்களா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

சட்டம் கேட்பது என்ன?

தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ‘சட்டம் 446’ என அழைக்கப்படுகிறது. முன்பு தோட்டங்களும் சுரங்கங்களும்தான் அதன் கீழ் வந்தன. தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அது பழக்கமான சட்டம். 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் 2020 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன் பிறகு தீபகற்ப மலேசியாவில் தொழிற்சாலை, கட்டுமானம், உணவகம் என எத்துறையாக இருந்தாலும், தங்குமிடம் கொடுக்கும் முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். பெறாவிட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

சாதாரண வீடு என்றால் தூங்கும் இடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் தேவை. ஆறு பேருக்கு ஒரு கழிப்பறையும் ஒரு குளியலறையும் இருக்க வேண்டும். கட்டில், மெத்தை, பூட்டக்கூடிய அலமாரி ஆகியவற்றுக்கும் அளவுகள் உண்டு.

காகிதத்தில் சரியான ஒரு வீடு

எடுத்துக்காட்டாக, மூன்று அறைகள் கொண்ட இரட்டை மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்மாடியில் உள்ள ஒவ்வோர் அறையும் 3.5 மீட்டருக்கு 4.2 மீட்டர், அதாவது 14.7 சதுர மீட்டர். அறைக்கு நான்கு பேர் வீதம் 12 பேர் தங்கலாம். ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் 18 சதுர மீட்டர் தேவைப்படும், அது மீறல். கழிப்பறையும் குளியலறையும் இரண்டிரண்டு இருந்தால் அந்தக் கணக்கும் சரி.

ஆனால் அந்த வீட்டுக்கு மாடிப்படி ஒன்றுதான். படிக்குக் கீழே சமையலறை, கேஸ் தோம்பு. அருகிலேயே ஒரே நீட்டிப்புக் கம்பியில் பல கைப்பேசிகளும் மின்சைக்கிள் மின்கலமும் சார்ஜ் ஆகின்றன. மாடிச் சன்னல்கள் எல்லாவற்றிலும் இரும்புக் கிரில். முன்கதவுப் பூட்டின் சாவி ஒருவரின் காற்சட்டைப் பையில் இருக்கிறது. அவர் அன்று இரவு வேலைக்குப் போயிருக்கிறார்.

கீழே தீப்பிடித்தால் புகை மாடிப்படி வழியாகத்தான் மேலே ஏறும். வீட்டுத் தீயில் பெரும்பாலும் நெருப்புக்கு முன்பே புகை ஆளைக் கொன்றுவிடுகிறது. தூங்குபவர் புகை நாற்றத்தில் விழித்துக்கொள்வார் என்று நம்பி இருக்க முடியாது. அதனால்தான் படியின் மேற்பகுதியில் ஒரு புகை எச்சரிக்கைக் கருவி தேவைப்படுகிறது.

கிரில் கதவுக்குச் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போடுவது நல்லது. பூட்டுத்தான் என்றால், சாவியின் ஒரு பிரதி கதவருகே, வெளியிலிருந்து கைக்கு எட்டாத ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும். மேல்மாடியில் குறைந்தது ஒரு சன்னல் கிரிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மின்கலத்தைப் படியருகே சார்ஜ் செய்யக் கூடாது. எல்லாரும் தூங்கும் நேரத்திலும் கூடாது.

கையெழுத்து விளக்கம் ஆகாது

புதியவர் வந்த அன்று பல இடங்களில் நடப்பது இதுதான்: மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட விதித்தாளை மேற்பார்வையாளர் நீட்டுவார். தொழிலாளி கையெழுத்திடுவார். “புரிந்ததா?” என்று கேட்டால் தலையாட்டுவார். புரியவில்லை என்றால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வரும் ‘ஆம்’ அது.

மொழிபெயர்த்த தாள் மட்டும் இருந்தாலும் போதாது. சிலருக்குத் தம் தாய்மொழியைப் பேசத் தெரிந்தாலும் படிக்கத் தெரியாது. மியன்மாரிலிருந்து வருபவர் எல்லாருக்கும் பர்மிய மொழி தாய்மொழி அல்ல. சின், ரொஹிங்யா மக்களுக்கு வேறு மொழி. ஆகவே, வருபவரின் நாட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல், வீட்டில் பேசும் மொழியையும் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் கூச்சல். தீயைக் கண்டதும் வங்காளதேசத்தவர் “ஆகுன்” என்பார், நேப்பாளி “ஆகோ” என்பார், மியன்மார்காரர் “மீ” என்பார், தமிழர் “தீ” என்பார். பாதித் தூக்கத்தில் மற்றவருக்கு அது சண்டையா, பாட்டா என்று தெரியாது. அதனால் வீடு முழுவதற்கும் ஒரே சொல்லை முடிவு செய்ய வேண்டும். தீயைக் குறிக்கும் “அப்பி” என்ற மலாய்ச் சொல் போதும். அக்கம்பக்கத்தாருக்கும் அது புரியும்.

முதல் இரவில் செய்து காட்ட வேண்டியவை

விளக்கம் வேலையிடத்தில் அல்ல, அந்த வீட்டிலேயே, முதல் தூக்கத்துக்கு முன் நடக்க வேண்டும். அதே மொழி பேசும் பழைய தொழிலாளி ஒருவர் உடனிருப்பது நல்லது. மேற்பார்வையாளர் ஒவ்வொன்றையும் செய்து காட்டியபின், புதியவர் அதைத் தன் கையால் செய்ய வேண்டும்.

முதலில் கதவு. கட்டிலிலிருந்து எழுந்து, படியிறங்கி, ஆணியிலிருக்கும் சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். அதையே விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு முறை செய்ய வேண்டும். சாவி இறுகுவதும் படியில் செருப்பு குவிந்திருப்பதும் இருட்டில்தான் தெரியவரும்.

அடுத்து, கூடும் இடம். எதிர்ப்புற விளக்குக் கம்பம் போன்ற ஓர் அடையாளத்தைக் காட்ட வேண்டும். வெளியே வந்தவர்களை எண்ணுவதற்கு, இன்று இரவு வீட்டில் யார், வேலையில் யார் என்று காட்டும் பெயர்ப்பலகை கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், இரவு வேலையில் இருப்பவரைத் தேடி ஒருவர் மீண்டும் புகைக்குள் ஓடுவார்.

மூன்றாவது, படி புகையால் நிறைந்தால் செய்வது. அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியை அடைத்து, திறக்கும் சன்னலுக்குப் போக வேண்டும். புகையில் நிற்கக் கூடாது, தவழ வேண்டும்.

கடைசியாக 999. மலாய் தெரியாதவருக்கு முகவரி சொல்வதுதான் கடினம். “தோலோங், ருமா தெர்பாக்கார்” என்ற வரியையும் வீட்டு எண், சாலை, தாமான் பெயரையும் அவரவர் எழுத்தில் எழுதிக் கதவருகே ஒட்டலாம். படிக்கத் தெரியாதவர் அதை மனப்பாடமாகச் சொல்லிப் பழக வேண்டும்.

விளக்கம் எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் இரவு வேலைக்காரர்களும், இரண்டு வாரம் கழித்துத் தனியாக வந்து சேர்பவர்களும்தான் விடுபடுகிறார்கள். வீடு மாறுபவருக்கும் புதிய விளக்கம் தேவை, ஏனெனில் பழைய வீட்டுச் சாவி இங்கே தொங்குவதில்லை.

விளக்கம் பலித்ததா என்று அறிய, ஒரு மாதம் கழித்து மேற்பார்வையாளர் ஓர் இரவு முன்னறிவிப்பின்றிச் செல்லலாம். கடைசியாக வந்தவரைக் கூப்பிட்டு, எதுவும் விளக்காமல், “வெளியே போய்க் காட்டு” என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் சாவிக்காக வேறு யாரையாவது திரும்பிப் பார்த்தால், கோப்பில் உள்ள கையெழுத்துக்குப் பொருளில்லை. அன்றிரவே மீண்டும் காட்டிக் கொடுக்க வேண்டும்.