பெட்டிகளும் ஒரு காலியிடமும்

ஒரு குழுவின் புல் ரிக்வெஸ்ட் டெம்ப்ளேட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எனக்கொரு குறுக்குவழி உண்டு. `README`-இல் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திய பழைய புல் ரிக்வெஸ்ட் ஒன்றைத் திறப்பேன். அதிலும் ‘டெஸ்ட் சேர்த்திருக்கிறேன்’ என்ற பெட்டியில் டிக் இருந்தால், அந்த டெம்ப்ளேட்டை யாரும் படிப்பதில்லை என்று அர்த்தம். டிக் போடாமல் விட்டாலும் கிட்ஹப் தானாக மெர்ஜைத் தடுப்பதில்லை.

பலரும் பார்த்திருக்கக்கூடிய இரண்டு டெம்ப்ளேட்டுகளைப் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று ஹோம்ப்ரூவின் ஃபார்முலா களஞ்சியத்தில் இருப்பது, மற்றது குபர்நெட்டிஸுடையது.

ஹோம்ப்ரூவுடையது பெட்டிகளின் வரிசை. ஆனால் சோம்பேறித்தனமான வரிசை இல்லை. ‘நன்றாகச் சரிபார்த்தேன்’ என்று பொதுப்படையாகக் கேட்காமல், ஓட்டவேண்டிய கட்டளையையே எழுதி வைத்திருக்கிறார்கள்: `brew install --build-from-source`, `brew test`, `brew audit --strict`. முதல்முறை வருபவர் அதை எடுத்து, தன் ஃபார்முலாவின் பெயரைச் சேர்த்து டெர்மினலில் ஒட்டலாம். அவருக்கு அது ஒரு செய்முறைக் குறிப்பு. நூறாவது முறை வருபவருக்கு அது கண்ணில் படாத சுவர்க்கோலம். பில்டையும் ஆடிட்டையும் சிஐ மறுபடி ஓட்டிப் பார்த்துவிடுவதால், பொய் டிக் போட்டவருக்கு நேரம்தான் வீண், களஞ்சியத்துக்குச் சேதமில்லை. அதே டெம்ப்ளேட்டில், இதே ஃபார்முலாவுக்கு வேறு புல் ரிக்வெஸ்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா என்றும் ஒரு பெட்டி கேட்கிறது. அதில் விழுந்த டிக்கை வைத்து, அவர் தேடினாரா இல்லையா என்று ரிவ்யூ செய்பவரால் சொல்ல முடியாது. பெட்டி சம்மதத்தை வாங்கிக்கொள்கிறது, தடயத்தை வாங்குவதில்லை.

குபர்நெட்டிஸ் டெம்ப்ளேட்டில் என்னைக் கவர்வது ஒரே ஒரு காலியிடம். பயனர் கண்ணில் படும் மாற்றம் ஏதும் இதில் உண்டா என்று கேட்டுவிட்டு, அடியில் இப்படி ஒரு கட்டத்தை வைக்கிறது:

````
```release-note

```
````

ஒன்று, மாற்றத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும்; இல்லையென்றால் `NONE` என்று எழுத வேண்டும். இரண்டும் இல்லாமல் விட்டால் பாட் வந்து `do-not-merge/release-note-label-needed` என்ற லேபிளை ஒட்டிவிடும். அது இருக்கும்வரை மெர்ஜ் ஆகாது. எழுதிய வாக்கியம் வெளியீட்டுக் குறிப்புகளுக்குப் போகிறது. யாரோ ஒரு நிர்வாகி தன் கிளஸ்டரை மேம்படுத்தும் முன் அதைப் படிக்கப்போகிறார். படிக்க ஆள் இருப்பது தெரிந்தால் எழுதும் கையும் கொஞ்சம் நிதானிக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. கட்டம் காலியாக இல்லை என்பதைத்தான் பாட் பார்க்கிறது. உள்ளே இருப்பது உண்மையா என்று அதற்குத் தெரியாது. அவசரக்காரர் கையில் `NONE` இன்னொரு டிக்காக மாறிவிடும். இருந்தாலும், ஒரு ஃபிளாகின் பெயரை மாற்றிவிட்டு `NONE` என்று எழுதியிருந்தால், ரிவ்யூ செய்பவர் டிஃபையும் அதையும் ஒப்பிட்டு உடனே கேள்வி கேட்க முடியும்.

நான் வேலை பார்த்த ஒரு குழுவில் ‘டேட்டாபேஸ் மாற்றம் பின்னோக்கிப் பொருந்தும்’ என்றொரு பெட்டி இருந்தது. ஒருவர் `phone_alt` என்ற நெடுவரிசையை நீக்கினார், அதைப் படிக்கும் நிரலையும் அதே புல் ரிக்வெஸ்டில் நீக்கினார், பெட்டியில் டிக் போட்டார். டிப்ளாய் படிப்படியாக நடக்கும். ஸ்கீமா முதலில் மாறிவிடும், பழைய நிரலை ஓட்டும் இன்ஸ்டன்ஸ்கள் இன்னும் சில நிமிடங்கள் உயிரோடு இருக்கும். அவை இல்லாத நெடுவரிசையைக் கேட்டுக்கேட்டு 500 பிழைகளாகக் கொட்டின. அவர் பொய் சொல்லவில்லை. புதிய நிரல் புதிய ஸ்கீமாவோடு ஒத்துப்போகும் என்று நினைத்து டிக் போட்டிருக்கிறார். பெட்டி கேட்டது வேறு, அவர் புரிந்துகொண்டது வேறு, அந்த வித்தியாசம் டிக்கில் தெரியவே இல்லை.

பெட்டியை எடுத்துவிட்டு ஒரு கேள்வியை வைத்தோம்: ‘பழைய நிரல் இந்த ஸ்கீமாவில் ஓடும் சில நிமிடங்களில் எந்தக் குவெரி உடையும்?’ மைக்ரேஷன் கோப்புறையில் ஏதாவது மாறியிருந்தால் மட்டும் சிஐ இதற்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்கும். அடுத்து நெடுவரிசை நீக்க வந்தவர் பதிலைப் பாதி எழுதும்போதே நிறுத்திவிட்டு, தன் புல் ரிக்வெஸ்டை இரண்டாகப் பிரித்தார்: முதலில் படிப்பதை நிறுத்துவது, அது முழுக்க டிப்ளாய் ஆனபின் நெடுவரிசையை நீக்குவது.

சில மாதங்களில் ‘எதுவும் உடையாது’ என்ற பதில் பெருகியது. எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இண்டெக்ஸ் சேர்க்கும் மைக்ரேஷன்கள்; அங்கே அந்தக் கேள்விக்கே வேலையில்லை. நிபந்தனையை `DROP`, `RENAME` இரண்டுக்கும் மட்டும் என்று சுருக்கினோம்.