மேனேஜர் சொல்லாமல் விட்ட பாதி

2019 கடைசியில் ஒரு மாலை. காவிரிக்கரை ஊர் ஒன்றில் இருக்கும் பொதுத்துறை வங்கிக் கிளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டீயும் பஜ்ஜியும் வரவழைத்து, மேனேஜர் ஊழியர்களிடம் கால் மணி நேரம் பேசினார். என் சித்தி அங்கே கிளார்க். கூட்டங்களில் பேசுவதைக் குறித்து வைப்பது அவருக்குப் பழைய சங்கப் பழக்கம். அந்த நோட்டைப் போன மாதம் எனக்குக் காட்டினார். பேச்சின் சாரம் இது:

“நம்ம பேங்க் ஆப்ல அடுத்த வாரத்துல இருந்து ஒரு சாட்பாட் வருது. கஸ்டமர் டைப் பண்ணிக் கேட்டா அதுவே பதில் சொல்லும். பேலன்ஸ், செக் புக், எஃப்டி வட்டி எல்லாம். வாட்ஸப்ல என்னென்னமோ ஓடுதுன்னு எனக்கும் தெரியும். வேலை போயிடும்னு யாரும் பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் வந்தப்பவும் இதே பயம்தான் இருந்துச்சு. கொடி பிடிச்சாங்க, ஸ்ட்ரைக் பண்ணாங்க. யாருக்காவது வேலை போச்சா? ஒருத்தருக்குக்கூட போகல. இதுவும் அப்படித்தான். சில்லறைக் கேள்வியெல்லாம் அது பார்த்துக்கும், நீங்க நிம்மதியா கஸ்டமரைக் கவனிக்கலாம்.”

மேனேஜர் நல்ல மனுஷர், ஏமாற்றுவதற்காகப் பேசவில்லை என்கிறார் சித்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் “ஒருத்தருக்குக்கூட போகல” என்ற வாக்கியம் என்னை விடவில்லை. அது உண்மையா என்று தேடிப் பார்த்தேன். பாதி உண்மை. மிச்சப் பாதிதான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டருக்கு முந்தைய கிளையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வரும் ஒவ்வொரு சலானும் செக்கும் பெரிய லெட்ஜரில் கையால் ஏற வேண்டும். கணக்குகளின் இருப்பையெல்லாம் கூட்டி, மொத்தக் கணக்கோடு பொருந்துகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பத்து பைசா இடித்தாலும் ராத்திரி வரை தேட வேண்டியதுதான். சேமிப்புக் கணக்கு வட்டியும் கையால்தான். அன்றைய விதிப்படி மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. ஒவ்வொரு கணக்கிலும் மாதா மாதம் அந்தத் தொகையைக் கண்டுபிடித்து எழுதி, அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி போடுவார்கள். தினசரி இருப்புக்கு வட்டி என்ற இப்போதைய முறை 2010 ஏப்ரலில்தான் வந்தது. கையால் எழுதும் கிளையில் அதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

இத்தனை வேலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் இயந்திரம் என்ற பேச்சு எழுந்ததுமே சங்கங்கள் எதிர்த்தன. வருடக்கணக்கான இழுபறிக்குப் பிறகு, 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒரு ஒப்பந்தம் போட்டன. எந்த வகை இயந்திரம் வரலாம், எவ்வளவு வரலாம் என்பதற்கு அதில் வரம்பு இருந்தது. இயந்திரத்தைக் காரணம் காட்டி ஆள்குறைப்பு கூடாது, அதை இயக்குபவருக்குத் தனிப்படி உண்டு என்றும் முடிவானது. 1984இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளை இயந்திரமயமாக்கும் திட்டத்தை வகுத்தது. கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. ஒன்றோடொன்று இணைக்கப்படாமல், அந்தந்தக் கிளையின் கணக்கை மட்டும் ஏற்றிக்கொள்ளும் பெட்டிகள் அவை. 1987இலும் 1993இலும் அடுத்தடுத்த ஒப்பந்தங்கள் வந்து கதவை இன்னும் கொஞ்சம் திறந்தன.

ஆக, கம்ப்யூட்டர் வந்தும் யாரையும் வெளியே அனுப்பவில்லை என்று மேனேஜர் சொன்னது சரி. ஆனால் அதற்குக் காரணம் கம்ப்யூட்டரின் நல்ல குணம் அல்ல. அனுப்பக் கூடாது என்று பேப்பரில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேனேஜர் கிண்டலாகச் சொன்ன கொடியும் ஸ்ட்ரைக்கும் இல்லாமல் அந்தக் கையெழுத்து விழுந்திருக்காது. 2019இல் சாட்பாட் வந்தபோது சித்தியின் கிளையில் யாரும் அப்படி ஒரு பேப்பரைக் காட்டவில்லை. இருந்தது அந்தக் கால் மணி நேரப் பேச்சு மட்டும்தான்.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. உள்ளே இருந்தவர்களுக்கு வேலை போகவில்லை, சரி. வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு என்ன ஆனது?

2000–01இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 15 வருட சர்வீஸ் முடித்தவர்களோ 40 வயது ஆனவர்களோ விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதி இருக்கும் மாதங்களின் சம்பளம், இதில் எது குறைவோ அது கிடைக்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் விரட்டவில்லை. ஆனால் அந்த நாற்காலிகளில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் வரவும் இல்லை. கிளார்க் வேலைக்குத் தேர்வு நடத்திய வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களும் 2001இல் கலைக்கப்பட்டன. எல்லா வங்கிக்கும் பொதுவான கிளார்க் தேர்வு மறுபடி பெரிய அளவில் வந்தது 2011இல்தான். நடுவில் சில வங்கிகள் தனித்தனியாக ஆள் எடுத்தன என்றாலும், பி.காம். முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படித்த ஒரு தலைமுறைக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்தது. ஒரு காலத்தில் வங்கி என்றாலே கிளார்க்குகள்தான். இன்று பொதுத்துறை வங்கிகளில் அதிகாரிகளின் எண்ணிக்கை கிளார்க்குகளைத் தாண்டிவிட்டது.

இதெல்லாம் கம்ப்யூட்டரால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பொருளாதாரச் சீர்திருத்தம், ஆட்கள் அதிகம் என்று சொன்ன நரசிம்மம் குழு, குறைந்த ஆட்களோடு தொண்ணூறுகளில் முளைத்த புதிய தனியார் வங்கிகளின் போட்டி, எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு லட்சம் பேரை வழியனுப்பிவிட்டு மறுநாள் கிளையைத் திறந்திருக்க முடியாது. வேலை போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் கூட்டம் நடந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

இனி சாட்பாட். இந்திய வங்கிகளில் இது 2017 வாக்கில் பரவியது. எச்டிஎஃப்சி வங்கி ‘ஈவா’ என்றும், ஸ்டேட் வங்கி ‘சியா’ என்றும் பெயர் வைத்தன. அதற்குக் கொஞ்சம் முன்பு, 2016 நவம்பரில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி ‘லட்சுமி’ என்ற ரோபோவைச் சென்னையில் நிறுத்தியது.

அந்தக் காலத்துச் சாட்பாட்டின் உள்வேலை எளிமையானது. வாடிக்கையாளர் கேட்கக்கூடிய தேவைகளை முன்கூட்டியே பட்டியல் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு தேவைக்கும் மாதிரி வாக்கியங்களைக் கொடுத்துப் பழக்குவார்கள். நீங்கள் எழுதும் வாக்கியம் பட்டியலில் எதோடு அதிகம் ஒத்துப்போகிறதோ, அதற்கான பதில் வரும். எதோடும் ஒட்டவில்லை என்றால் “மன்னிக்கவும், புரியவில்லை” என்று வரும்.

ஒரு உதாரணம். ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுக்கப் போகிறார் ஒருவர். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. சாட்பாட்டிடம் கேட்கிறார். அதற்குப் புரிந்தால் விதியைச் சொல்லும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி ஐந்து நாளுக்குள் பணம் கணக்குக்குத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. பதில் சரிதான். ஆனால் பணம் அந்தப் பதிலால் திரும்பாது. தானாகச் சரியாகாவிட்டால், அந்த நேரத்தில் மெஷினில் என்ன நடந்தது என்ற பதிவை ஒருவர் பார்க்க வேண்டும். மெஷினில் இருக்கும் ரொக்கத்தை எண்ணி, கணக்கைவிட 5,000 கூடுதலாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சாட்பாட் எடுத்துக்கொண்டது கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை மட்டும்தான். பிரச்சினையைத் தீர்க்கும் வேலை பழைய மேஜையிலேயே கிடக்கிறது.

ஏமாற்றம் தொடங்கும் இடமும் இதுதான். உரையாடல் ஊழியருக்கு மாற்றப்படாமல் முடிந்தால் அதை “சாட்பாட்டே முடித்தது” என்று கணக்கெழுதுவது வழக்கம். ஆனால் பதில் திருப்தியாக இருந்ததால் முடிந்ததா, வாடிக்கையாளர் சலித்துப்போய் ஃபோனை மூடியதால் முடிந்ததா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. சலித்துப்போனவர் மறுநாள் காலை பத்து மணிக்கு பாஸ்புக்கோடு கவுண்டரில் நிற்பார். உண்மை தெரிய வேண்டுமென்றால், சாட்பாட்டில் கேட்டவர் அடுத்த சில நாட்களில் அதே விஷயத்துக்காகக் கிளைக்கு வந்தாரா, ஃபோன் செய்தாரா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு எப்படித் தவறும் என்பதற்கு 2025இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பாடம் நடந்தது. அங்கே காமன்வெல்த் வங்கி, ஃபோனில் பதில் சொல்லும் குரல் பாட் ஒன்றைக் கொண்டுவந்து, வாரத்துக்கு 2,000 அழைப்புகள் குறைந்துவிட்டன என்று சொல்லி 45 வேலைகளை நீக்குவதாக அறிவித்தது. ஊழியர் சங்கம் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனது. அழைப்புகள் உண்மையில் கூடிக்கொண்டிருக்கின்றன, ஓவர்டைம் பார்க்கச் சொல்கிறார்கள், டீம் லீடர்களே ஃபோன் எடுக்கிறார்கள் என்றது சங்கம். ஆகஸ்டில் வங்கி பின்வாங்கியது. தன் மதிப்பீடு எல்லாவற்றையும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. அங்கே வேலையைக் காப்பாற்றியதும் ஆறுதல் வார்த்தை அல்ல. நிர்வாகம் சொன்ன எண்ணை யாரோ கேள்வி கேட்டதுதான்.

சித்தியின் நோட்டில் பேச்சுக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. மேனேஜர் முடித்ததும் ஹெட் கேஷியர் எழுந்து கேட்டிருக்கிறார்: “சார், எங்க வேலை போகாதுன்னு நம்புறோம். அடுத்த வருஷம் ரெண்டு பேர் ரிட்டயர் ஆறோம். அந்த ரெண்டு சீட்டுக்கும் ஆள் வருமா?”

மேனேஜர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது என் கையில இல்லைங்க” என்றாராம்.

இரண்டு பேரும் 2020இல் ஓய்வு பெற்றார்கள். ஒரு சீட்டுக்கு ஆள் வந்தது. இன்னொரு மேஜையில் இப்போது பாஸ்புக் பிரின்டர் இருக்கிறது.