பிசாசின் இரவு: டெட்ராய்ட்டில் தீவைப்பு குறைந்த கதை

வேண்டுமென்றே ஒரு சொத்துக்குத் தீ வைப்பது தீவைப்புக் குற்றம். காப்பீட்டுப் பணம், பழிவாங்கல், இன்னொரு குற்றத்தின் தடயத்தை அழிப்பது என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் நகர்ப்புறத் தீவைப்பில் பெரும்பகுதி திட்டமிட்டு நடப்பதில்லை. எரியக்கூடிய பொருள் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது, பார்ப்பவர் யாருமில்லை, அவ்வளவு போதும். இந்த இரண்டையும் மாற்றினால் தீ குறையுமா என்பதை ஒரு முழு நகரமே சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட்தான் அந்த நகரம்.

ஹாலோவீன் பண்டிகை அக்டோபர் 31 அன்று வருகிறது. அதற்கு முந்தைய இரவை டெட்ராய்ட்வாசிகள் 'டெவில்ஸ் நைட்', அதாவது பிசாசின் இரவு என்று அழைத்தார்கள். சன்னல்களில் சோப்புப் பூசுவது, வீடுகள்மீது முட்டை எறிவது, அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடுவது என்று ஒரு காலத்தில் பிள்ளைகளின் குறும்போடு நின்ற இரவு அது. 1970களின் இறுதியிலிருந்து அது தீயின் இரவாக மாறியது. 1984இல் அக்டோபர் 29 முதல் 31 வரையிலான மூன்று நாட்களில் மட்டும் 810 தீக்கள் பதிவாயின. வெளிநாட்டுப் படப்பிடிப்புக் குழுக்கள் வந்து அதைப் படம்பிடித்துப் போயின.

ஏன் டெட்ராய்ட்? 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. கார்த் தொழில் தேய்ந்ததாலும், வெள்ளையர்கள் பெருமளவில் புறநகருக்குப் போனதாலும், 1990இல் மக்கள்தொகை 10 லட்சத்தை ஒட்டிச் சுருங்கியது. போனவர்கள் வீடுகளை விட்டுவிட்டுப் போனார்கள். டெட்ராய்ட்டின் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். கதவு பெயர்ந்து, சன்னல் உடைந்து கிடக்கும் மரவீட்டுக்குள் காற்று தாராளமாகப் புகும். உள்ளே வீசப்பட்ட பழைய மெத்தையும் குப்பையும் பற்றினால், சில நிமிடங்களில் கூரை வரை தீ ஏறிவிடும். அடுத்த வீட்டில் குடும்பம் வாழ்ந்துகொண்டிருந்தால் ஆபத்து அவர்களுக்கும்தான். இந்தக் கதையில் மறக்கக்கூடாதவர்கள் அந்த அண்டை வீட்டார்.

1985 முதல் மாநகர நிர்வாகம் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதல் பகுதி எரியக்கூடிய பொருளை அகற்றுவது. அக்டோபர் பிறந்ததும் கைவிடப்பட்ட கார்கள் இழுத்துச் செல்லப்பட்டன. காலி மனைகளில் குவிந்த டயர்களும் பெரிய கழிவுகளும் அள்ளப்பட்டன. இடிக்கக்கூடிய பாழ்வீடுகள் இடிக்கப்பட்டன. ஹாலோவீனை ஒட்டிய நாட்களில் கேன்களில் பெட்ரோல் விற்கத் தடை வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் மாலைக்குப் பின் பெரியவர் துணையின்றி வெளியே வரக்கூடாது என்ற ஊரடங்கும் விதிக்கப்பட்டது.

இரண்டாம் பகுதி கண்காணிப்பு. தன்னார்வலர்கள் தங்கள் பகுதியின் மையத்தில் பதிவு செய்துகொண்டு, காரின் கூரையில் மஞ்சள் நிறச் சுழல்விளக்கை ஒட்டிக்கொண்டு, தெருத்தெருவாக மெதுவாக ஓட்டிப் போனார்கள். தீயையோ சந்தேகத்துக்குரிய ஆளையோ கண்டால் தகவல் சொல்வது மட்டுமே அவர்கள் வேலை. துரத்துவதோ தடுப்பதோ இல்லை. வெளியே போக முடியாத முதியவர்கள் வாசல் விளக்கை எரியவிட்டு, தாங்கள் 'தத்தெடுத்த' பக்கத்துக் காலி வீட்டின்மேல் கண் வைத்திருந்தார்கள். இரவு முழுவதும் ஒரு தெருவில் மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி வந்தால், பாழ்வீட்டுக்குள் நுழைய நினைப்பவனுக்கு அது போதுமான எச்சரிக்கை.

தீக்கள் படிப்படியாகக் குறைந்தன. 1994இல் புதிய மேயர் டென்னிஸ் ஆர்ச்சர் பதவியேற்ற முதல் ஆண்டில் ஏற்பாடுகள் தளர்ந்தன, தன்னார்வலர்களும் குறைந்தார்கள். அந்த ஆண்டு எண்ணிக்கை 354ஆக எகிறியது. அடுத்த ஆண்டே அவர் அந்த இரவுக்கு 'ஏஞ்சல்ஸ் நைட்', அதாவது தேவதைகளின் இரவு என்று பெயர் மாற்றி, ஏறத்தாழ 35,000 பேரைத் திரட்டினார். 1995இல் தீக்கள் 158, 1996இல் 142. யாரும் திட்டமிடாமலே நடந்த சோதனை இது. காவலைத் தளர்த்தியதும் தீ ஏறியது, இறுக்கியதும் இறங்கியது.

ஆனாலும் எந்த நடவடிக்கை எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஊரடங்கு, பெட்ரோல் தடை, ரோந்து, குப்பை அகற்றல் எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தவை. தவிர, அந்த மூன்று நாட்களைத் தாண்டி ஆண்டின் மற்ற நாட்களில் காலி வீடுகள் எரிந்துகொண்டேதான் இருந்தன. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை ஆண்டு முழுவதும் தெருவில் நிறுத்த எந்த நகரத்தாலும் முடியாது. 2010இல், ஏற்பாடுகள் எல்லாம் இருந்தும், 169 தீக்கள் மூண்டன.

ஆகவே இடத்தின் நிலைமையையே மாற்ற வேண்டியிருந்தது. முதலில் விளக்குகள். 2014 வாக்கில் டெட்ராய்ட்டின் தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. பல இடங்களில் செம்புக் கம்பிகளைத் திருடர்கள் உருவிப் போயிருந்தார்கள். தெருவிளக்குக்கெனத் தனி ஆணையம் அமைந்து, 2016 இறுதிக்குள் சுமார் 65,000 எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியது. திருடினாலும் அதிகம் விலைபோகாத அலுமினியக் கம்பிகள் போடப்பட்டன. ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு விளக்கு, தெரு நீளமானால் நடுவிலும் ஒன்று என்பது கணக்கு. வீடுகளின் பின்புறச் சந்துகளுக்கு விளக்கு கிடையாது. ஒளி இருந்தால் மட்டும் தீ நிற்காது. அந்த ஒளியில் பார்க்க ஒரு கண் வேண்டும். ஆளில்லாத சந்தில் விளக்கு, தீ வைப்பவனுக்கே வழிகாட்டக்கூடும்.

காலி மனைகளுக்கு வேறு உத்தி. நகர நில வங்கி, பாழ்மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே 100 டாலருக்கு விற்றது. புல் வெட்டி, வேலி போட்டு, தோட்டம் வைக்க ஓர் உரிமையாளர் வந்துவிட்டால், அங்கே டயரைக் கொட்டிவிட்டுப் போவது எளிதல்ல. இடிக்க முடியாத வீடுகளை அடைப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பலகையை ஆணியடித்து மூடினால் கடப்பாறை ஒரே நெம்பில் பெயர்த்துவிடும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் முறையில், குறைந்தது அரை அங்குல ஒட்டுப்பலகை வெளியிலும், குறுக்குக் கட்டைகள் சன்னல் சட்டத்தின் உட்புறத்திலும் வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்குவார்கள். வெளியே வழுவழுப்பான போல்ட் தலை மட்டும் தெரியும். நட்டு உள்ளே இருக்கும்.

கையெட்டும் தூரத்தில் கிடக்கும் இன்னொரு எரிபொருள் குப்பைத்தொட்டி. அதைப் பற்றிய தெளிவான பாடம் பிரிட்டனிலிருந்து வருகிறது. அங்கே புழங்கும் சக்கரத் தொட்டிகள் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீனால் ஆனவை. உள்ளே காகிதம் பற்றினால், சுமார் 130 டிகிரி செல்சியஸில் தொட்டியே உருகத் தொடங்கி, எரியும் திரவமாகத் தரையில் பரவும். சுவரோரம் நின்றால் சுவாலை சன்னலையும் கூரை விளிம்பையும் தொடும். அதனால் தொட்டியைக் கட்டடத்திலிருந்து தள்ளி வைக்கவும், மூடியைப் பூட்டவும், கம்பத்தில் சங்கிலியால் கட்டவும், குப்பை வண்டி வரும் காலையில்தான் வெளியே வைக்கவும் தீயணைப்புத் துறையினர் சொல்கிறார்கள். சங்கிலிக்குக் காரணம் உண்டு: சக்கரத் தொட்டியை உருட்டிக்கொண்டுபோய் வாசற்கதவில் சாய்த்துக் கொளுத்த முடியும்.

இந்த ஏற்பாடுகளுக்கு ஓர் எல்லை உண்டு. காப்பீட்டுக்காகத் தன் கடையையே கொளுத்துபவனை வெளிச்சமும் ரோந்தும் தடுக்காது. அங்கே தேவைப்படுவது புலனாய்வு. வாய்ப்புக் கிடைத்ததால் மூட்டப்படும் தீக்குத்தான் இவை மருந்து.

டெட்ராய்ட்டில் 2015இல் அந்த மூன்று நாட்களின் எண்ணிக்கை 52ஆக இறங்கியது. 2017க்குப் பிறகு தேவதைகளின் இரவு ரோந்துத் திட்டம் தேவையில்லை என்று மாநகரம் முடிவு செய்து, அதற்குப் பதிலாகக் குழந்தைகளுக்கான ஹாலோவீன் விழாக்களை நடத்தத் தொடங்கியது.