ஒரு சேனலில் வசை எவ்வளவு: எதை எண்ணுவது, எதை எண்ணத் தவறுகிறோம்

காரைக்கால் வட்டாரத்தின் குடியிருப்புப் பிரச்சினைகள், மயானப் பாதை, உள்ளாட்சி ஒதுக்கீடு ஆகியவற்றைப் பேசும் சிறிய யூடியூப் சேனல் ஒன்றுக்கு நாங்கள் சட்ட உதவி செய்து வருகிறோம். அதை நடத்தும் தோழர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: 'வசை கூடியிருக்கிறதா, எங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?' நேற்றிரவு படித்த பத்துக் கொடிய வரிகள் மனத்தில் தங்கிவிடும். சாதாரணமாக வந்து போன இருநூறு வரிகள் தங்குவதில்லை. ஆகவே எண்ணித்தான் ஆக வேண்டும். எதை எதால் வகுப்பது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர்.

பெரிய நிறுவனங்கள் வெளியிடும் எண்கள் நமக்கு இங்கு உதவுவதில்லை. 2020 நவம்பரில் ஃபேஸ்புக் முதன்முறையாக வெறுப்புப் பேச்சின் பரவலை அறிவித்தது. உள்ளடக்கம் பார்க்கப்பட்ட ஒவ்வொரு 10,000 முறையிலும் 10 அல்லது 11 முறை மட்டுமே அது வெறுப்புப் பேச்சாக இருந்தது என்பது அதன் கணக்கு. உலகம் முழுவதற்குமான அந்தச் சராசரியில் பூனைப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் அடக்கம். ஒதுக்கீடு குறித்துப் பேசும் ஒரு தலித் சேனலின் நிலையை அதிலிருந்து அறிய இயலாது.

தமிழுக்கென்று எண்ணிப் பார்த்த தரவு ஒன்று உண்டு. ஆங்கிலம் கலந்த தமிழில் எழுதப்பட்ட யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டி, புண்படுத்துபவை எவை என ஆய்வாளர்கள் வகைப்படுத்தினர். 2021ஆம் ஆண்டின் ஆய்வுப் போட்டிக்கு அதன் பயிற்சிப் பகுதியாக 35,139 பின்னூட்டங்கள் தரப்பட்டன. தமிழல்லாதவை என ஒதுக்கிய 1,454ஐக் கழித்தால் எஞ்சுவது 33,685. அவற்றுள் 8,260 புண்படுத்துபவை, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று. அவற்றிலும் 2,557 ஒரு குழுவைக் குறிவைத்தவை. இந்த எண்ணை எடுத்து 'தமிழ் யூடியூபில் நான்கில் ஒரு பங்கு வசை' என்று எழுதுவோர் உண்டு; அது பிழை. திரைப்பட முன்னோட்டங்களின் கீழ், ரசிகர் சண்டை நடக்கும் இடத்தில் திரட்டப்பட்டவை இவை. எங்கிருந்து எடுத்தோம் என்பதே விகிதத்தின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. நம் சேனலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இனி எண்ணும் முறைக்கு வருவோம். ஒரு சேனலுக்கு வரும் பின்னூட்டங்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒரு பகுதி எல்லோர் கண்ணிலும் படுகிறது. இன்னொரு பகுதியை யூடியூபின் வடிகட்டி தானாகவே தடுத்து, சேனல் நடத்துவோரின் ஸ்டூடியோவில் `Held for review` என்ற தலைப்பின் கீழ் வைக்கிறது. அது அங்கே அதிகபட்சம் 60 நாள்கள் இருக்கும். மூன்றாவது பகுதி, மட்டுறுத்தும் தோழர்கள் கையால் நீக்கியது. நீக்கியதும் அது மறைந்துவிடுகிறது. பிறகு எண்ணத் திரும்பக் கிடைக்காது. நிரல் வழியாகப் பின்னூட்டங்களை இறக்கினாலும் `moderationStatus` என்ற வடிகட்டியில் `published`, `heldForReview`, `likelySpam` ஆகிய மூன்றைத்தான் கேட்க முடியும். நிராகரித்தவற்றைக் கேட்க வழியில்லை. ஆகவே நன்றாக வேலை செய்யும் குழு, தான் செய்த வேலையின் தடயத்தையே அழித்துவிடுகிறது. மாத இறுதியில் வெளியே தெரிவதை மட்டும் எண்ணுபவர் 'நம் சேனலில் வசையே இல்லை' என்று முடிவு செய்வார்; இரவெல்லாம் விழித்து நீக்கியவருக்கு அது எவ்வளவு அநீதி! நீக்கும்போதே தேதி, காணொலி, வகை என்று ஒரு வரி குறித்துவைப்பது தவிர இதற்கு வேறு வழியில்லை.

ஒரு மாதத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். பின்வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. எந்தச் சேனலின் உண்மைக் கணக்கும் அல்ல. வெளியே தெரிபவை 1,800, தடுத்து வைத்தவை 200, கையால் நீக்கிக் குறிப்பேட்டில் பதிந்தவை 40, ஆக மொத்தம் 2,040. தடுத்தவை 200ஐயும் முழுமையாகப் படித்துவிடலாம். 1,800ஐயும் படிக்கத் தேவையில்லை; குலுக்கல் முறையில் 300ஐ எடுத்தால் போதும். முதல் 300 என்று எடுக்கலாகாது: யூடியூப் தானே வரிசைப்படுத்தி மேலே வைப்பவை விருப்பக்குறி மிகுந்தவை. பதில்களையும் விடலாகாது. எங்கள் அனுபவத்தில் கூர்மையான வசை தனிப் பின்னூட்டமாக வருவதில்லை. ஒரு பெண் தன் ஊரைச் சொல்லி எழுதியதற்குக் கீழே பதினான்காவது பதிலாக வருகிறது. நிரல் வழி இறக்குவோர் கவனிக்க: `commentThreads.list` எல்லாப் பதில்களையும் தருவதில்லை, `comments.list` வழியாகத் தனியே கேட்க வேண்டும்.

தடுத்தவை 200இல் 90 ஸ்பேம், 60 வசை, 50 நல்லவை என்று வைத்துக்கொள்வோம். மாதிரி 300இல் 9 ஸ்பேம், 6 வசை. 1,800 என்பது மாதிரியைப் போல ஆறு மடங்கு. எனவே வெளியே இருப்பவை 54 ஸ்பேம், 36 வசை எனக் கொள்ளலாம். குறிப்பேட்டின் 40இல் 10 ஸ்பேம், 30 வசை. கூட்டினால் ஸ்பேம் 154, வசை 126. சேனலை நோக்கி வந்த வசை 2,040இல் 126, அதாவது 6.2 விழுக்காடு. பார்வையாளர் கண்ணில் படுவதோ 1,800இல் 36, அதாவது 2 விழுக்காடு.

இவ்விரண்டும் இரு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது, தோழர்களின் வேலைச் சுமையையும் வெளியிலிருந்து வரும் பகைமையையும் காட்டுகிறது. இரண்டாவது, உள்ளே வந்து எழுதத் துணியும் ஒரு கல்லூரி மாணவி எந்தச் சூழலில் எழுதுகிறார் என்பதைக் காட்டுகிறது. முதலாவது கூடி இரண்டாவது குறைந்தால் குழு தாக்குப்பிடிக்கிறது என்று பொருள். இரண்டும் கூடினால் ஆள் பற்றவில்லை. ஒன்றை மட்டும் வைத்துப் பேசுவோரிடம் எந்த எண் என்று கேட்டுவிடுங்கள்.

மாதிரி 300இல் கிடைத்தது ஆறே ஆறு வசை. இவ்வளவு அரிதானதை இவ்வளவு சிறிய மாதிரியில் தேடினால் தற்செயல் பெரிதாக விளையாடும். வழக்கமான 95 விழுக்காட்டு எல்லைக்குள் அந்த 2 விழுக்காடு உண்மையில் 0.9 முதல் 4.3 வரை எங்கும் இருக்கலாம். மொத்த விகிதமும் அப்போது ஏறத்தாழ 5க்கும் 8க்கும் இடையே நகரும். அடுத்த மாதம் 5.5 வந்தால் 'குறைந்துவிட்டது' என்று அறிக்கை விடுவதற்கு இடமில்லை.

எது வசை என்பதில் இருவர் ஒத்துப்போகிறார்களா என்பதும் பார்க்க வேண்டியது. அதே 300ஐ இரு தோழர்கள் தனித்தனியே படிக்கட்டும். ஒருவர் 8ஐ வசை என்கிறார், மற்றவர் 7ஐ. இருவரும் ஒருசேரக் குறித்தவை 3 மட்டும். 291இல் ஒத்த முடிவு. 97 விழுக்காடு ஒற்றுமை என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் யாரேனும் ஒருவர் சந்தேகித்த 12இல் ஒத்துப்போனது கால் பங்குதான். சாதாரணப் பின்னூட்டங்களே மிகுந்திருப்பதால் வரும் பொய்யான ஒற்றுமை அது. அந்த 12ஐயும் எதிரெதிரே வைத்துப் பேசித் தீர்த்த பிறகே மேலே சொன்ன 6 என்ற எண் கிடைக்கும். அந்தப் பேச்சில்தான் உண்மையான அறிவு இருக்கிறது. 'காலனி' என்ற சொல் ஒரு வரியில் முகவரியாகவும் அடுத்த வரியில் இழிவாகவும் வருகிறது. அச்சொல் வசையாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்ததை வாசகர் அறிவர். இருவரில் ஒருவர் அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டு வளர்ந்தவராக இருப்பது நல்லது.

தடுத்தவற்றில் நல்லவை 50 என்றோமே, அது நான்கில் ஒரு பங்கு. இதைக் கணக்கிடாதவர்களே அதிகம். தடைச்சொல் பட்டியலில் சாதிப் பெயர்களைச் சேர்த்தவுடன் இந்த எண் பாய்ந்து ஏறும். பறையர், பள்ளர் என்பவை பட்டியல் சாதி ஆணையில் உள்ள பெயர்கள். தம்மைத் தாமே அப்பெயரால் சொல்லிக்கொண்டு எழுதுபவர் நம் மக்கள். பறையிசை பற்றி எழுதுபவரும் சிக்குவார். வசைபாடுபவரோ ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, இடையில் ஒரு புள்ளி வைத்துத் தப்பிவிடுவார்.

வேலைச் சுமையைப் பின்னூட்ட எண்ணிக்கையால் அளப்பதும் தவறு. மேற்கண்ட மாதத்தில் 1,800ஐ ஒன்றுக்கு ஐந்து நொடி வீதம் கண்ணோட்டமிட 150 நிமிடம். தடுத்தவை 200ஐ அரை நிமிடம் வீதம் முடிவு செய்ய 100 நிமிடம். வசை 126இல் சாதியின் பெயரால் இழிவுபடுத்துபவை 30 என்றால், ஒவ்வொன்றையும் சான்றாகப் பாதுகாக்கப் பத்து நிமிடம், 300 நிமிடம். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் முப்பது பின்னூட்டங்களுக்காக. அந்த ஒன்பது மணியும் மாதம் முழுவதும் பரவி வருவதில்லை. டிசம்பர் 25இல் கீழ்வெண்மணி பற்றிய காணொலி ஏறினால் இரண்டே இரவுகளில் வந்து குவியும்.

சான்றுக்கு ஏன் அத்தனை நேரம் என்று கேட்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் 'பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம்' என்பதை வேண்டுகின்றன. இணையத்தில் ஏற்றப்பட்டது அந்த வரையறைக்குள் வரும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் கூறிற்று. ஆனால் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை இகழ்ந்தது மட்டும் போதாது, சாதியின் பொருட்டு இகழ்ந்ததாக இருக்க வேண்டும் என்று ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்சநீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதுவும் ஒரு யூடியூப் காணொலி தொடர்பான வழக்கே. எனவே எண்ணும்போதே 'வசை' என்ற ஒற்றைக் கட்டத்தைப் பிரித்து, சாதியைச் சுட்டுவது, பாலியல் வசை, வெறும் கெட்ட வார்த்தை என்று தனித்தனியே குறிப்பது பின்னால் கை கொடுக்கும். வடிகட்டி தடுத்து வைத்ததை வேறு எவரும் பார்க்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். எங்கள் பார்வையில் அது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. அதற்காக வெளியிட்டுவிட்டுச் சான்று சேர்க்கும்படி நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

நீக்குவதற்கு முன் பின்னூட்டத்தின் இணைப்பு, எழுதியவரின் சேனல் முகவரி, நேரம், மேலும் கீழுமான உரையாடல் எல்லாம் தெரியும்படி பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. கோப்பைச் சேமித்த அன்றே அதை எடுத்துவிடுவது நன்று; லினக்ஸ் கணினியில் ஒரு வரி போதும்:

```
sha256sum pinnoottam_017.png
```

காரைக்காலுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, நாம் புதுச்சேரிக் காவல்துறையின் கீழ் இருக்கிறோம். எழுதியவர் அரைமணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்தாலும் அவர் வேறு மாநிலம். 'எங்கள் எல்லை இல்லை' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் நம்மில் உண்டு. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் எண்ணை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறோம்.

இவை எல்லாவற்றுடனும் ஒரே ஒரு எண்ணை மட்டும் கூடுதலாக எழுதிவையுங்கள்: அந்த 126 வசையை எழுதியவர் எத்தனை பேர்? பன்னிரண்டு கணக்குகள் என்றால் சேனலில் அவர்களை மறைத்துவிட்டால் ஓயும். தொண்ணூறு கணக்குகள், அதுவும் ஒரே இரவில் என்றால், எங்கோ ஒரு குழுவில் நம் காணொலியின் இணைப்பு பகிரப்பட்டிருக்கிறது. அந்த இரவுக்கு வேண்டியது தடைச்சொல் பட்டியல் அல்ல. மாற்றி மாற்றிக் கண் விழிக்க மூன்று பேர்.