பகுதிப் பணத் திருப்பம்: மீதித் தொகைக்கான உரிமையை விடாமல் பதில் எழுதுதல்

நுகர்வோர் கேட்ட முழுத் தொகையைத் தராமல் அதில் ஒரு பங்கை மட்டும் திருப்பித் தர நிறுவனம் முன்வருவதைப் பகுதிப் பணத் திருப்பம் எனலாம். இதனுடன் பெரும்பாலும் ஒரு நிபந்தனையும் வரும்: இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டால் விவகாரம் முடிந்தது, மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. தொகையை வாங்கிக்கொண்டு மீதியையும் பின்னர் கேட்க முடியுமா என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று, பதில் கடிதத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது. மற்றொன்று, அது பணத்தைத் தொடுவதற்கு முன் போனதா, பின் போனதா. இரண்டாவதன் முக்கியத்துவம் பலருக்குத் தெரிவதில்லை. வழக்கு தோற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

திருவண்ணாமலையில் இத்தகைய தகராறு எழக்கூடிய இடங்களில் ஒன்று தங்கும் அறை. கார்த்திகை தீபத்துக்கும் பவுர்ணமி கிரிவலத்துக்கும் வெளியூரிலிருந்து வருவோர், இணைய முன்பதிவு நிறுவனங்கள் வழியாகப் பல நாள்கள் முன்பே முழு வாடகையையும் கட்டிவிடுகிறார்கள். தீபத்தன்று ஊரே நிரம்பியிருக்கும். பதிவு செய்த அறை கைவிட்டுப் போனால், கிடைக்கும் வேறு அறையைக் கேட்ட விலைக்கு எடுப்பதைத் தவிர வழியிருக்காது. பிறகு நிறுவனத்திடம் கேட்டால், கட்டியதில் பாதியோ கால்வாசியோ தருவதாக ஒரு மின்னஞ்சல் வரும்.

சட்டம் சொல்வது

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 63-ஆம் பிரிவு இங்கே அடிப்படை. தனக்கு வரவேண்டியதை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ ஒருவர் விட்டுக்கொடுக்கலாம் என்றும், அதற்குப் பதிலாகத் தான் தகுந்ததெனக் கருதும் எதையும் ஏற்கலாம் என்றும் அது கூறுகிறது. சட்டமே தரும் விளக்கம் எளிமையானது. 5,000 ரூபாய் கடன். கடன் வாங்கியவர் 2,000 ரூபாய் தருகிறார். கடன் கொடுத்தவர் அதை முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்கிறார். கடன் முழுவதும் தீர்ந்தது. மீதி 3,000 ரூபாயைப் பிறகு கேட்க முடியாது.

இந்த இடத்தில் இந்தியச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தைவிடக் கடன் கொடுத்தவருக்குக் கடுமையானது. ஃபோக்ஸ் எதிர் பியர் என்ற 1884-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, இங்கிலாந்தில் வரையறுக்கப்பட்ட கடனில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை விடுவதாகச் சொன்னாலும், அதற்குத் தனிக் கைம்மாறு இல்லாவிட்டால் அந்தச் சொல் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் அப்படி ஒரு கைம்மாறு வேண்டியதில்லை. ஏற்றுக்கொண்டால் போதும், கடன் போய்விடும். ஆகவே பணம் வந்ததா என்பதைவிட, எந்த எண்ணத்தோடு அது ஏற்கப்பட்டது என்பதே கேள்வி. எண்ணத்தை நீதிமன்றம் கடிதத்திலிருந்தும் நடத்தையிலிருந்தும் படித்தறியும்.

நடத்தையால் ஏற்பது எப்படி நிகழ்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் பகவதி பிரசாத் பவன் குமார் எதிர் இந்திய ஒன்றியம் என்ற 2006-ஆம் ஆண்டு வழக்கில் விளக்கியது. இழப்பீடு கேட்ட வணிகருக்கு ரயில்வே குறைந்த தொகைக்குக் காசோலை அனுப்பியது. கூடவே வந்த கடிதம், இந்தத் தொகை சம்மதமில்லை என்றால் காசோலையைத் திருப்பி அனுப்ப வேண்டும், வைத்துக்கொண்டால் முழுத் தீர்வாக ஏற்றதாகக் கொள்ளப்படும் என்றது. வணிகர் காசோலையை மாற்றிக்கொண்டார், மறுப்பையும் தெரிவித்தார். ஆனால் மாற்றுவதற்கு முன்பே மறுத்தார் என்பதற்குச் சான்றில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, முன்மொழிவோடு வந்த பலனை எடுத்துக்கொள்வதே ஏற்பாகும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்ப்பு காசோலையை மாற்றுவதற்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்ற பிறகு மனம் மாற இடமில்லை. அதே தீர்ப்பு மற்றொன்றையும் சொல்கிறது: பெறுபவர் தயக்கத்தோடும் மறுப்போடும் பெற்றார் என்று சான்று காட்டினால், பெற்றது ஏற்பு ஆகாமல் போகலாம். கடிதம் எழுதுவதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று தீபத்துக்காக இரண்டு அறைகளை இரண்டு இரவுகளுக்கு இணையம் வழியே பதிவு செய்து 18,000 ரூபாய் கட்டியது என்று கொள்வோம். போய்ச் சேர்ந்ததும் ஓர் அறை மட்டுமே கிடைத்தது. மற்றொன்று வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அருகில் வேறு லாட்ஜில் 14,000 ரூபாய்க்கு ஓர் அறை எடுக்க நேர்ந்தது.

கிடைக்காத அறைக்குக் கட்டியது 9,000 ரூபாய். மாற்று அறைக்கு அதற்கு மேல் ஆன செலவு 5,000 ரூபாய். ஆகவே கேட்க வேண்டியது 14,000 ரூபாய். பலர் கட்டிய 9,000 ரூபாயையும் மாற்று அறையின் 14,000 ரூபாயையும் கூட்டி 23,000 ரூபாய் கேட்பார்கள். அது கிடைத்தால் அவர்கள் அந்த இரவுகளில் இலவசமாகத் தங்கியதாகிவிடும். கணக்கின் இந்தப் பிழையை எதிர்த்தரப்பு முதலிலேயே சுட்டிக்காட்டும். மன உளைச்சலுக்கான இழப்பீட்டை இதோடு கலக்காமல் தனியாகக் கேட்பது நல்லது.

நிறுவனம் பதிலாக 4,500 ரூபாய் தருவதாகவும், அனுப்பிய இணைப்பை அழுத்தி ஒப்புக்கொண்டால் முழுமையான இறுதித் தீர்வாகப் பணம் வரும் என்றும் எழுதுகிறது. அந்த இணைப்பை அழுத்தக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 10-அ பிரிவுப்படி, மின்னணு வழியில் அமைந்தது என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. கைப்பேசியில் ஒருமுறை அழுத்துவது கையெழுத்துக்கு நிகராகப் பார்க்கப்படலாம். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

"தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. முன்பதிவு எண் இன்னது. தாங்கள் தர முன்வந்துள்ள 4,500 ரூபாயை முழுத் தீர்வாகவோ இறுதித் தீர்வாகவோ நான் ஏற்கவில்லை. எனக்கு வரவேண்டியது 14,000 ரூபாய். கணக்கும் ரசீதுகளும் இத்துடன் உள்ளன. 4,500 ரூபாயை நிபந்தனையின்றி என் கணக்கில் செலுத்தினால், அதைப் பகுதித் தொகையாக மட்டும் வரவு வைத்துக்கொள்வேன். மீதி 9,500 ரூபாய்க்கும் பிற இழப்பீட்டுக்குமான என் உரிமை அப்படியே நிற்கும். நிபந்தனையைக் கைவிட இயலாது என்றால் பணத்தை அனுப்ப வேண்டாம். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் மீதித் தொகையைச் செலுத்தக் கோருகிறேன்."

இந்தக் கடிதம் நிறுவனத்தின் முன்மொழிவை மறுத்து, வேறு நிபந்தனையில் ஓர் எதிர்முன்மொழிவை வைக்கிறது. இதைப் படித்த பிறகும் நிறுவனம் 4,500 ரூபாயை அனுப்பினால், பகுதித் தொகை என்று தெரிந்தே அனுப்பியது என வாதிட வலுவான இடம் கிடைக்கிறது. 'பணத்தை அனுப்ப வேண்டாம்' என்ற வரியைத்தான் பலர் எழுதத் தயங்குவார்கள். ஆனால் அந்த வரி இருந்தால், வந்த பணத்தை நிறுவனத்தின் நிபந்தனையோடு கட்டிப்போடுவது மிகக் கடினமாகிவிடும்.

இப்படிப்பட்ட கடிதங்களின் தலைப்பில் வக்கீல்கள் 'வித்தவுட் பிரிஜுடிஸ்' என்று எழுதும் பழக்கம் உண்டு; 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று தமிழில் சொல்வார்கள். அதை மட்டும் நம்புவது போதாது. சமரசப் பேச்சில் ஒப்புக்கொண்டவற்றைச் சான்றாக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கும் அதே தொடரையே பயன்படுத்துகிறார்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-இன் 21-ஆம் பிரிவு அத்தகைய நிபந்தனையை ஏற்கிறது. அதனால் உங்கள் மறுப்புக் கடிதத்தையே நீதிமன்றத்தில் காட்டக் கூடாது என எதிர்த்தரப்பு வாதிட வாய்ப்பு உருவாகும். முழுத் தீர்வாக ஏற்கவில்லை, மீதிக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாக எழுதிய வாக்கியத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை.

பணம் வரும் விதம்

காசோலையோடு, வைத்துக்கொண்டாலே ஏற்றதாகும் என்ற வரி இருந்தால், மேற்கண்ட கடிதத்தை முதலில் அனுப்பி, பதில் வரும்வரை வங்கியில் போடாமல் வைத்திருக்க வேண்டும். நிறுவனம் நிபந்தனையை விட மறுத்தால் காசோலையை விரைவுத் தபாலில் திருப்பி அனுப்புவதே பாதுகாப்பு. மறுத்துவிட்டு மாற்றிக்கொள்வது வழக்கில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம்; 9,500 ரூபாயை வெல்ல விரும்புபவர் அந்தச் சந்தேகத்தை ஏன் சுமக்க வேண்டும்?

கேட்காமலேயே கணக்கில் வந்து விழும் பணம் வேறு வகை. அதைத் தடுக்க வழியில்லை, திருப்பி அனுப்பவும் வழி தெரியாது. பணம் வந்ததை அறிந்த அன்றே, பகுதித் தொகையாக மட்டும் கொள்கிறேன் என்றும், வேறு எண்ணத்தில் அனுப்பியிருந்தால் திரும்பப் பெறக் கணக்கு எண் தரவும் என்றும் எழுதிவிட வேண்டும். செயலியின் வாலட்டில் வரும் வரவுத் தொகை இன்னும் ஏமாற்றக்கூடியது. அடுத்த பயணத்துக்கு அதைப் பயன்படுத்தியதே ஏற்புக்குச் சான்றாகிவிடலாம். தகராறு முடியும்வரை அதைத் தொடாமல் இருக்கலாம்.

தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவை ஊழியர், "இதை இப்ப வாங்கிக்குங்க சார், மீதியைப் பின்னால பார்த்துக்கலாம்" என்பார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்றே வைத்துக்கொண்டாலும், பதிவேட்டில் ஏற்றுக்கொண்டார் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அழைப்பு முடிந்ததும், இன்ன நேரத்தில் இப்படிப் பேசினோம், நான் முழுத் தீர்வாக ஏற்கவில்லை என்று ஒரு மின்னஞ்சல் போட்டால் அந்தக் குறிப்புக்கு எதிர்ச்சான்று உண்டாகும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால்

கதவு முழுவதும் மூடிவிடுவதில்லை. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் 1999-இல், தீர்வுச் சீட்டில் கையெழுத்திட்டதாலேயே நுகர்வோரின் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் மோசடி, தவறான தகவல், தகாத செல்வாக்கு போன்றவற்றால் கையெழுத்து வாங்கப்பட்டது என்று நுகர்வோர் நிரூபிக்க வேண்டும். தீபத்தன்று நள்ளிரவில், சாமான்களோடு குழந்தைகளை வைத்துக்கொண்டு, சீட்டில் கையெழுத்திட்டால்தான் வேறு அறை தருவோம் என்று சொல்லப்பட்டிருந்தால் அது வாதமாகும். பத்து நாள் கழித்து வீட்டில் அமைதியாக இணைப்பை அழுத்தியவருக்கு அந்த வாதம் பெரும்பாலும் நிற்காது. கையெழுத்திட்டவர் எவ்வளவு விரைவாக எதிர்ப்பு எழுதினார் என்பதும் கவனிக்கப்படும்.

முறையிடும் இடமும் காலமும்

நிறுவனம் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். அங்கு தீர்வு கிடைக்கச் சமரச முயற்சி நடக்கும், தீர்ப்பு வராது. தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலும் புகார்தாரர் வசிக்கும் ஊரிலும் வழக்குத் தொடுக்கலாம். மேலே சொன்ன குடும்பம் திருவண்ணாமலையில் தொடுக்கலாம், கோயம்புத்தூரிலும் தொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

கால வரம்பு வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை உறுதியென எண்ண முடியாது. எனவே கடிதத்தில் 15 நாள் கெடு கொடுத்தவர், கெடு முடிந்ததும் முன்பதிவு ஒப்புகை, அறை மறுக்கப்பட்டதற்கான செய்திகள், மாற்று அறையின் ரசீது, நிறுவனத்தின் 4,500 ரூபாய் மின்னஞ்சல், தன் மறுப்புக் கடிதம், பணம் வந்திருந்தால் வங்கி அறிக்கை ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கிப் புகாரைத் தாக்கல் செய்யலாம். பணம் வந்திருந்தால், அந்த 4,500 ரூபாயைப் புகாரில் மறைக்காமல் கழித்துக் காட்டி, மீதி 9,500 ரூபாயைக் கேட்க வேண்டும்.